ஆர்டர் செய்த ஃபிரிட்ஜ் வேறு, வீட்டுக்கு வந்தது வேறு: டீலருக்கு எழுதிய கடிதத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

தாமரைக்குளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கினோம். நானும் அம்மாவும் கடைக்கே போய் 265 லிட்டர், இரட்டைக் கதவு, 3 ஸ்டார் மாடல் ஒன்றைப் பார்த்து முடிவு செய்தோம். காட்சிக்கு வைத்தது மட்டும்தான் இருக்கிறது, புதுசு குடோனிலிருந்து வரும் என்றார்கள். ஆர்டர் சீட்டில் விற்பனையாளரே கையால் மாடல் எண்ணை எழுதிக் கொடுத்தார்: DF265-3GR (எண்ணை இங்கே கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்). விலை ₹27,500. பழைய ஃபிரிட்ஜுக்கு ₹2,000 கழித்துக்கொண்டார்கள். ₹5,000 முன்பணம், மீதி ₹20,500 இரண்டு நாள் கழித்து. இரண்டும் என் போனிலிருந்து யுபிஐயில் போயிருக்கின்றன.

நான் பெங்களூர் திரும்பிய பிறகு வண்டி வந்தது. வந்த பையன்கள் பழையதை ஏற்றிக்கொண்டு, புதியதை வைத்து, அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் வந்த என் தங்கைதான் "காய்கறித் தட்டு கடையில் பார்த்ததை விடச் சின்னதா இருக்கே" என்று கதவு லேபிளைப் பார்த்தாள். 240 லிட்டர், 2 ஸ்டார், DF240-2GR. நிறம், கைப்பிடி எல்லாம் அச்சு அசல் அதேதான்.

கடையில் கேட்டால், "பில்லில் எது இருக்கிறதோ அதுதான் வந்திருக்கிறது" என்கிறார்கள். வண்டியோடு வந்த பில்லில் DF240-2GR என்றுதான் இருக்கிறது, ஆனால் விலை அதே 27,500! பெட்டி பிரித்ததைக் கம்பெனி எடுக்காது, வேண்டுமானால் ஒரு ஸ்டெபிலைசரும் ஆயிரம் ரூபாயும் தருகிறோம் என்கிறார்கள்.

நான் எழுதிய கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தின் மீது பல்லாண்டு காலமாக நாங்கள் வைத்திருந்த நம்பிக்கை சுக்குநூறாகிவிட்டது. தாங்கள் அனுப்பிய குறைபாடுள்ள குளிர்சாதனப் பெட்டியால் எனக்கும் எனது வயதான தாயாருக்கும் சொல்லொணா மன உளைச்சல் ஏற்பட்டுள்ளது. இது பச்சைத் துரோகம். தாங்கள் உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்காவிடில் சட்டப்படி சந்திக்க நேரிடும் என எச்சரிக்கிறேன்.

இது போதுமா?

சரவெடி சேகர்

போதாது தம்பி, ரொம்ப மென்மையா இருக்கு. நேரா போலீஸ் ஸ்டேஷன் போங்க, மோசடி வழக்கு போடுங்க. இன்னொண்ணு, எந்தப் பொருளையும் ஏழு நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் கொடுக்கலாம்னு சட்டமே இருக்கு. அதை எழுதுங்க, அலறிக்கிட்டு வருவான்.

மல்லிகா மதுரை

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். புது ஃபிரிட்ஜ், மூன்றாவது நாளே கூலிங் இல்லை. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றார். தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு தடவை கம்பெனி நம்பருக்குப் போன் போட்டுப் பாருங்களேன்?

கம்ப்ரசர் காதர்

மல்லிகா அக்கா, அவர் ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடுகிறது. மாடலே வேறு என்பதுதான் அவர் பிரச்சினை. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பத்து வருஷமா ஃபிரிட்ஜ் சர்வீஸ் வேலையில் இருக்கிறவன் சொல்கிறேன். கால் சென்டரில் "மாடல் மாறி வந்தது" என்று பதிந்துகொள்ளப் பெரும்பாலும் இடம் இருக்காது. "புகார்" என்று போட்டு என்னைப் போல ஒருத்தரை அனுப்புவார்கள். நான் வருவேன், உள்ளே தெர்மாமீட்டர் வைப்பேன், குளிர் சரியாக இருக்கும். ஜாப் ஷீட்டில் "சரியாக இயங்குகிறது, வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது" என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அந்தக் காகிதத்தைக் கடைக்காரர் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

அதனால் கடிதத்தில் "குறைபாடுள்ள" என்ற சொல்லை முதலில் எடுங்கள். பொருளில் குறை இல்லை. நீங்கள் கேட்ட பொருள் அது இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கதவில் ஒட்டிய ஸ்டார் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். அது கிழிந்தாலோ யாராவது உரித்தாலோ போச்சு. உள்ளே, காய்கறித் தட்டுப் பக்கத்துச் சுவரில் அல்லது பின்பக்கம் கம்ப்ரசர் மூடிக்கு அருகில், மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதைப் படம் எடுங்கள். ஃபிரிட்ஜ் முழுசாகத் தெரிகிற மாதிரி இன்னொரு படமும் எடுங்கள்.

பழைய கல்லா

நான் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவன். இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ஆர்டர் சீட்டு விற்பனையாளர் கையில் இருக்கும். பில் போடும் இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்டாக்கில் இருக்கிற பொருள் மட்டும்தான் திரையில் வரும். குடோன்காரர் ஒரு வரிசை எண்ணைச் சொல்வார், அந்த எண்ணுக்கு உரிய மாடல் தானாகவே பில்லில் ஏறும். அதனால் பில்லும் வந்த பொருளும் ஒத்துப்போவது பெரிய அதிசயம் இல்லை. அது கடைக்காரருக்குச் சாட்சியும் இல்லை. ஆர்டர் சீட்டும் பில்லும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் இவர் விஷயத்தில் ஒன்று உறுத்துகிறது. திரையில் மாடலுக்கு ஒரு விலை தானாக வரும். 240 லிட்டர் 2 ஸ்டார் மாடலைப் போட்டால் குறைவான விலைதான் வந்திருக்க வேண்டும். யாரோ அதை 27,500 என்று கையால் திருத்தியிருக்கிறார்கள். குடோன் பையன் தெரியாமல் மாற்றி ஏற்றியிருந்தால் விலையும் குறைந்திருக்கும். மாடல் மாறியது தெரிந்தே பில் போட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் கடிதத்தில் இதைக் குற்றமாக எழுதாதீர்கள். "இந்த மாடலுக்கு உங்கள் விலைப்பட்டியலில் என்ன விலை?" என்று ஒரு வரி கேட்டால் போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நோட்டீஸ் நாகு

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்காடுகிறவன் நான். சேகர் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம், கடையில் வாங்கிய பொருளைக் காரணமே இல்லாமல் ஏழு நாளில் திருப்பலாம் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. அது ஆன்லைன் கடைகள் தாங்களாக வைத்திருக்கும் ஏற்பாடு. இவருக்கு அது தேவையும் இல்லை. இவரிடம் காரணமே கெட்டியாக இருக்கிறது.

தாமரைக்குளத்தான், உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, தேவையான ஒரு சொல் மட்டும் இல்லை: "ஏற்க மறுக்கிறேன்." 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 42ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்கியவர் பொருளை "ஏற்றுக்கொண்டார்" என்று மூன்று விதத்தில் ஆகும். அவரே ஏற்றேன் என்று சொல்வது ஒன்று. பொருள் தன்னுடையது என்பது போல நடந்துகொள்வது இன்னொன்று. மூன்றாவதுதான் ஆபத்து: மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொள்வது. வாட்ஸ்அப்பில் எத்தனை நாள் சண்டை போட்டாலும், "நான் இதை ஏற்கவில்லை" என்று தெளிவாக எழுதாவிட்டால் கடைக்காரர் அந்த மூன்றாவதைப் பிடித்துக்கொள்வார். ஏற்றுக்கொண்டதாக ஆகிவிட்டால் அதன்பிறகு பொருளைத் திருப்புவது கஷ்டம். நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும்.

அம்மா போட்ட கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்பது 41. டெலிவரி சீட்டில் கையெழுத்து என்றால் ஒரு பெட்டி வந்து இறங்கியது என்றுதான் பொருள்.

"பெட்டி பிரித்தாச்சு, நீங்களே கொண்டுவந்து போடுங்கள்" என்பார்கள். அதற்குப் பதில் 43இல் இருக்கிறது. ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல, மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். வண்டி அவர்கள்தான் அனுப்ப வேண்டும். அட்டைப்பெட்டியையும் அவர்கள் ஆட்களே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதையும் எழுதுங்கள்.

பில் யார் பெயரில் இருக்கிறது?

தாமரைக்குளத்தான்

அம்மா பெயரில், நாகு சார். இன்னொரு சங்கடம். பழைய ஃபிரிட்ஜையும் கொண்டுபோய்விட்டதால் வீட்டில் வேறு இல்லை. அம்மா இதில் மாவு, பால் எல்லாம் வைத்துப் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறார். பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடுமா?

நோட்டீஸ் நாகு

அப்படியானால் கடிதம் அம்மா பெயரில், அம்மா கையெழுத்தோடு போகட்டும். பணம் உங்கள் கணக்கிலிருந்து போனது என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். மகன் பெயரில் எழுதினால், "உங்களுக்கும் எங்களுக்கும் பேச்சே இல்லையே" என்று முதல் பதிலிலேயே தட்டிக்கழிப்பார்கள்.

பயன்படுத்துவதைப் பொறுத்தவரை, என்னைக் கேட்டால் கடிதம் கடைக்காரர் கையில் கிடைத்த நாளிலிருந்து நிறுத்துவதுதான் பாதுகாப்பு. சுத்தமாகத் துடைத்து, அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

பழைய கல்லா

அது எப்படி சார் முடியும்? பழையதை எடுத்துக்கொண்டு போனது அவர்கள். அறுபது தாண்டிய அம்மா தினமும் பால் வாங்கி அன்றன்றைக்கே தீர்க்க வேண்டுமா? "உங்கள் ஏற்பாட்டால் வேறு வழியில்லாமல், மாற்றித் தரும்வரை மட்டும் பயன்படுத்துகிறேன், இதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது" என்று எழுதினால் போதாதா?

நோட்டீஸ் நாகு

எழுதலாம், நானும் சில கட்சிக்காரர்களுக்கு அப்படி எழுதியிருக்கிறேன். ஆணையம் பெரும்பாலும் மனிதாபிமானத்தோடுதான் பார்க்கும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேள்வியாக்குவார், ஆறு மாதம் புழங்கினால் அந்தக் கேள்விக்குக் கனமும் இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் என்றால் சமாளிக்கலாம். முடிவு குடும்பத்துடையது.

சரவெடி சேகர்

பதினைந்து நாள் வக்கீல் நோட்டீஸ் கொடுக்காம கேஸே போட முடியாதே? அதுக்கே ரெண்டு மூவாயிரம் ஆகும். அதுக்குத்தான் போலீஸ்னு சொன்னேன்.

நோட்டீஸ் நாகு

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முன்நோட்டீஸ் கட்டாயம் என்று எங்கும் இல்லை சார். ஆனால் நோட்டீஸ் கொடுத்திருந்தால் ஆணையத்தில் மதிப்பு. அம்மாவின் இந்தக் கடிதமே அந்த வேலையைச் செய்யும், வக்கீல் தேவையில்லை. ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. அம்மா குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. போலீசில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். "சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள்.

வரவு செலவு வசந்தி

நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்லட்டுமா? மின்சார அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பிஇஇ அமைப்பின் ஸ்டார் லேபிள் செயலியில் இரண்டு மாடலின் ஆண்டு மின்செலவையும் பார்க்கலாம். தாமரைக்குளத்தான், பார்த்தீர்களா?

தாமரைக்குளத்தான்

பார்த்தேன். வந்திருப்பது ஆண்டுக்கு 236 யூனிட், கேட்டது 189 யூனிட்.

வரவு செலவு வசந்தி

வித்தியாசம் 47 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 235 ரூபாய். பத்து வருடத்துக்கு இரண்டாயிரத்து சொச்சம். அம்மா ஒருவர்தான் இருக்கிறார் என்றால் 25 லிட்டர் குறைவது பெரிய விஷயமா? இரண்டு மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தோடு மூவாயிரம் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு, நிம்மதியாக இருக்கலாம். கடையோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது?

பழைய கல்லா

கணக்கு சரிதான் அம்மா. ஆனால் மின்கட்டணத்தை வைத்து வாதாடினால் கடைக்காரர் வழிக்கு நாமே போன மாதிரி. 235 ரூபாய் என்று ஆனவுடனே, "அதற்குத்தானே ஆயிரம் தருகிறோம்" என்பார். அதனால் கடிதத்தில் யூனிட் கணக்கு வேண்டாம். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று, அத்தோடு நிறுத்துங்கள். பணம் வாங்கிக்கொண்டு முடிப்பது என்று முடிவெடுத்தால் மட்டும் இந்தக் கணக்கை எடுங்கள்.

தாமரைக்குளத்தான்

அம்மாவிடம் கேட்டேன். "நான் கேட்டது பெரிசு, பேரப்பிள்ளைங்க லீவுக்கு வந்தா இது பத்தாது" என்று சொல்லிவிட்டார். அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும். நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

> 17.11.2025, திண்டுக்கல்
>
> பெறுநர்: உரிமையாளர், (பில்லில் உள்ளபடி கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்)
>
> பொருள்: ஆர்டர் செய்த மாடலுக்குப் பதிலாக வேறு மாடல் ஃபிரிட்ஜ் வந்தது, ஏற்க மறுத்தலும் மாற்றித் தரக் கோருதலும்.
>
> ஐயா,
>
> 8.11.2025 அன்று தங்கள் கடையில் DF265-3GR (265 லிட்டர், 3 ஸ்டார்) மாடல் ஃபிரிட்ஜை ₹27,500க்கு ஆர்டர் செய்தேன். ஆர்டர் சீட்டு நகல் இணைத்துள்ளேன். பழைய ஃபிரிட்ஜுக்கான ₹2,000 போக ₹25,500 முழுவதும் என் மகன் கணக்கிலிருந்து, பொருள் வரும் முன்பே செலுத்தப்பட்டது.
>
> 13.11.2025 அன்று வந்தது DF240-2GR (240 லிட்டர், 2 ஸ்டார்). அதன் உட்புறத் தகட்டின் படமும், வண்டியோடு வந்த பில்லின் நகலும் இணைத்துள்ளேன். மாடலை மாற்ற நான் எந்த நேரத்திலும் சம்மதிக்கவில்லை. 14.11.2025 அன்றே தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் தெரிவித்தேன்.
>
> ஆகவே இந்த ஃபிரிட்ஜை நான் ஏற்க மறுக்கிறேன். இது தங்கள் பொருளாகவே என் வீட்டில் பத்திரமாக உள்ளது. தாங்கள் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு எந்த நாளும் எடுத்துச் செல்லலாம். அட்டைப்பெட்டியைத் தங்கள் ஆட்களே எடுத்துச் சென்றுவிட்டனர். பழைய ஃபிரிட்ஜும் தங்களிடம் இருப்பதால், மாற்றித் தரும்வரை வேறு வழியின்றிப் பயன்படுத்துவதை ஏற்பாகக் கருதக் கூடாது.
>
> 27.11.2025க்குள் DF265-3GR மாடலைக் கூடுதல் கட்டணமின்றித் தந்து, புதிய வரிசை எண்ணுடன் புதிய பில்லும், பழைய பில்லுக்கு வரவுச் சீட்டும் தர வேண்டும். இயலாவிட்டால் ₹25,500ஐயும் பழைய ஃபிரிட்ஜையோ அதற்கான ₹2,000ஐயோ அதே தேதிக்குள் தர வேண்டும்.
>
> DF240-2GR மாடலுக்குத் தங்கள் கடையில் 13.11.2025 அன்று இருந்த விலை என்ன என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> இப்படிக்கு, (அம்மா கையெழுத்து)

நோட்டீஸ் நாகு

நல்லா இருக்கு. கோபச் சொல் ஒன்றுகூட இல்லை, அதுதான் வேண்டும். "சட்டப்படி சந்திப்பேன்" என்பதும் போய்விட்டது. தேதி கொடுத்தாலே அது புரியும்.

அனுப்பும் முறை: பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. தபால் ஆபீசில் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று சொல்லுங்கள். கூடவே கடையின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். ஒரு நகல் கம்பெனிக்கும் போகட்டும். ஒப்பந்தம் உங்களுக்கும் டீலருக்கும்தான், ஆனாலும் கம்பெனியின் பகுதி மேலாளர் ஒரு போன் போட்டால் பல காரியம் நடக்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று அழித்துவிடாதீர்கள். வழக்கு வரைக்கும் போனால் அந்தப் போனும், பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டியிருக்கும்.

பழைய கல்லா

புது பில் கேட்டது முக்கியம். பழைய பில்லையே பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், வாங்காதீர்கள். வாரண்டி வரிசை எண்ணோடு பிணைந்தது. பில்லில் ஒரு எண், பெட்டியில் ஒரு எண் என்றால் நாலு வருஷம் கழித்துக் கம்ப்ரசர் போகும்போது காதர் பாய் மாதிரி ஆள் வந்து கையை விரிப்பார்.

கம்ப்ரசர் காதர்

நான் விரிக்க மாட்டேன், கம்ப்யூட்டர் விரிக்கும்!

தாமரைக்குளத்தான்

தகவல் சொல்கிறேன். கடிதம் கிடைத்த மறுநாளே முதலாளி நேரடியாக அம்மாவுக்குப் போன் செய்தார், அதுவும் ரொம்ப மரியாதையாக. கம்பெனியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள் போல. 265 லிட்டர் மாடலைத் தருகிறேன், வண்டியும் நாங்களே அனுப்புகிறோம் என்றார். ஆனால் இடையில் விலை ஏறிவிட்டதாம், ₹1,800 கூடுதல் கேட்கிறார். ஆர்டர் சீட்டின் அடியில் "விலை மாறுதலுக்கு உட்பட்டது" என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். கொடுத்துவிடலாமா?

வரவு செலவு வசந்தி

பேசிக் குறையுங்கள். ஆயிரத்துக்குள் முடிந்தால் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நோட்டீஸ் நாகு

நான் கொடுக்க மாட்டேன். முழுப்பணமும் வாங்கிக்கொண்டு பில்லும் போட்ட பிறகு அந்தப் பொடி எழுத்துக்கு என்ன வேலை? அவர்கள் 13ஆம் தேதியே சரியான மாடலை அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. "27,500க்கு மேல் தர இயலாது, கடிதத்தில் சொன்ன தேதி அப்படியே நிற்கிறது" என்று அம்மா பெயரில் ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து வையுங்கள். பதிவு எண் கிடைக்கும், கடைக்கும் கம்பெனிக்கும் தகவல் போகும்.

பழைய கல்லா

வண்டி வரும் நாளில் தங்கையை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். முதலில் பெட்டி மேல் இருக்கும் மாடல் எண், அப்புறம் பிரித்து உள்தகடு, அப்புறம் பில்லில் வரிசை எண். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் 240 லிட்டரை வண்டியில் ஏற்ற விட வேண்டும்.

மல்லிகா மதுரை

தம்பி, வந்ததும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

தாமரைக்குளத்தான்

சரி அக்கா. நாகு சார், மின்னஞ்சல் இப்போதுதான் போட்டேன். 1,800 விஷயத்தில் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி. அம்மா "கொடுத்துத் தொலை" என்கிறார், தங்கை பைசா கூடாது என்கிறாள். முதலாளி என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.